பள்ளமேட்டுச் சுவரின் ஆயுள் ஏழு வருஷம்

சுவர் செத்துப்போய்விட்டது என்ற செய்தி வந்தபோது தணிகாசலம் அதன் மேல்தான் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

செய்தியைக் கொண்டுவந்தவர் ஓவர்சியர் நாகபூஷணம். பிச்சாட்டூரிலிருந்து மார்ச் மாத வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னார்.

"ஏமய்யா தணிகாசலம், கீழ எறங்கு. செவுரு செத்துப்போச்சு."

தணிகாசலம் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். கம்பி வலை சுட்டது. அதற்குள் கல் இருந்தது.

"எப்ப சார்?"

"இந்த மாசம் முப்பத்தொண்ணாம் தேதி."

"இன்னிக்கு எட்டுதான ஆவுது?"

"அதனால இன்னா? காகிதம் முன்னாடியே வந்துருச்சி."

காகிதத்தில் இருந்த நியாயம் இதுதான். ஆரணியாற்றின் கரையில் இருந்த பள்ளமேடு அதுவரை சென்னை மாநிலத்து ஊர். வருகிற ஏப்ரல் முதல் தேதி அது ஆந்திராவுக்குப் போகிறது. எல்லைத் தகராறு தீர்ந்து, இந்தப் பக்கத்தில் சில ஊர்கள் அங்கே, அந்தப் பக்கத்தில் சில ஊர்கள் இங்கே என்று மாறிக்கொண்டிருந்தன. ஊரோடு சேர்த்து மதகு, பாலம், கிணறு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைக்கவேண்டும். ஆயுள் முடிந்த வேலையைப் பட்டியலில் சேர்க்கக்கூடாது; அதில் உபயோகமான பொருள் இருந்தால் கைமாறும் முன் எடுத்துக்கொள்ளலாம். பள்ளமேட்டுக் கற்கூண்டுச் சுவர் கட்டி முடித்த நாள் 1953 மார்ச் 31. கம்பிக் கூண்டின் ஆயுள் ஏழு வருஷம் என்று எஸ்டிமேட்டில் யாரோ ஒரு குமாஸ்தா எழுதியிருந்தார். அவர் விரல் விட்டு எண்ணியிருக்கவேண்டும். பத்து விரலில் மூன்று வேறு வேலையாக இருந்திருக்கலாம். எப்படியோ, ஒப்படைப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் சுவர் சாகிறது. அதன் கல்லை வண்டியில் ஏற்றி, சென்னை மாநிலத்துப் பக்கம் நடக்கும் ரோடு வேலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

"செவுத்த எடுத்துட்டா ஐப்பசியில ஆறு எங்க வரும் சார்?" என்று தணிகாசலம் கேட்டார்.

நாகபூஷணம் ஆற்றைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுவருக்குப் பின்னால் பதினைந்து அடி தள்ளி இருந்த தணிகாசலத்தின் வீட்டையும் அதற்குப் பின்னால் வரிசையாக இருந்த பதினொரு வீடுகளையும் பார்த்தார்.

"ஆறு ஆந்திராவுக்கு வரும்" என்றார்.

தணிகாசலம் பிறந்தது ஆற்றங்கரையில் இல்லை. நகரியில், நெசவுக்காரக் குடும்பத்தில். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லோரும் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர்கள். தணிகாசலமும் உட்கார்ந்தார், ஆனால் பஞ்சுத் தூசு மூக்கில் பட்டால் அவருக்குத் தும்மல் வரும். ஒரு தும்மலில்லை, வரிசையாக ஏழெட்டு. ஒவ்வொரு தும்மலுக்கும் நூல் சுமந்த நாடா ஒரு பக்கம் ஓடும், பலகை ஒரு பக்கம் அடிக்கும். அவர் நெய்த சேலையில் கரை பாம்பு போல வளைந்து போகும். வளைந்த கரைச் சேலையை வாங்கிய திருத்தணிக்காரி ஒருத்தி, "இத கட்டிக்கினு நேரா நடக்க முடியல" என்று திருப்பிக் கொண்டுவந்து போட்டபின், நூல் கொடுத்துவந்த முதலாளி அவரைத் தறியிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பினார்.

ஐம்பத்திரண்டில் ஐப்பசி வெள்ளம் பள்ளமேட்டுக் கரையை அரித்துக்கொண்டு போனது. இரண்டு மாட்டுக்கொட்டகை, ஒரு வைக்கோல்போர், உட்கார்ந்து பேசுவதற்கு வசதியாக இருந்த ஒரு புளியமரம் எல்லாம் போயின. சிமெண்டில் சுவர் கட்டினால் அடியில் மணல் அரித்ததும் விரிசல் விட்டுச் சாய்ந்துவிடும் என்று அப்போதைய என்ஜினியர் கம்பிக் கூண்டு போடச் சொன்னார். கூண்டு என்றால் ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் கம்பி வலையால் ஒரு பெட்டி. அதில் கல்லை நிரப்பி மூடி, பக்கத்துப் பெட்டியோடு கம்பியால் தைத்து, மேலே மேலே அடுக்குவது. தரை தாழ்ந்தால் கூண்டும் சேர்ந்து தாழும், உடையாது. கல்லுக்கு நடுவே தண்ணீர் வடிந்து போய்விடும் என்பதால் பின்னாலிருந்து ஈரம் தள்ளாது. வலையைக் கையால் முறுக்கிப் பின்ன ஆள் தேவைப்பட்டது. ஓவர்சியர் நாகபூஷணம் நகரிக்குப் போய், "நெய்யத் தெரிஞ்சி, வேலையில்லாதவன் யாராவது கீறானா?" என்று கேட்டபோது, தெருவே தணிகாசலத்தைக் கை காட்டியது.

கம்பியில் தூசு இல்லை. தணிகாசலத்துக்குத் தும்மல் வரவில்லை. முப்பது வயதில் முதல்முறையாக அவர் நேராக நெய்தார்.

ஒரே ஒரு தப்பு செய்தார். நெசவுக்காரர் யாரும் கஞ்சி போடாத பாவு நூலை நெய்யமாட்டார். நூல் பிசிறு விடும். கம்பிச் சுருள் வந்து இறங்கிய முதல் நாள் தணிகாசலம் ஒரு படி கேழ்வரகை அரைத்துக் கஞ்சி காய்ச்சி, பனைநார்த் தூரிகையால் கம்பி முழுவதும் பூசி, வெயிலில் நீளமாகக் கட்டிக் காயவைத்தார். நாகபூஷணம் வந்து பார்த்தபோது ஊரின் ஆடுகள் அத்தனையும் வரிசையில் நின்று அரசாங்கக் கம்பியை நக்கிக்கொண்டிருந்தன.

"இது இன்னாயா?"

"பிசிறு வுடாம இருக்கத்தான் சார்."

"கம்பிக்கு ஏதுயா பிசிறு?"

தணிகாசலம் யோசித்தார். "இப்ப இல்ல சார். கஞ்சி போட்டாச்சே."

நாகபூஷணம் ஆடுகளை விரட்டப் போனார்.

ஆனால் இன்னொரு விஷயத்தில் நெசவுப் புத்தி சரியாகவே வேலை செய்தது. கரையில்லாத துணி ஓரத்தில் பிரியும் என்று சொல்லி, வலையின் விளிம்பு முழுக்கத் தடித்த கம்பியைக் கொடுத்து அதில் மெல்லிய கம்பியைச் சுற்றினார். என்ஜினியர் கொடுத்த படத்திலும் அப்படித்தான் இருந்தது. படத்தை அதுவரை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. கல் அடுக்கும்போது முகப்பில் பெரிய கல்லைக் கையால் பொருத்தி வைக்கச் சொன்னார். வலைக்கண்ணைவிடச் சிறிய கல் முகப்புக்கு வந்தால் ஆறு அதை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போய்விடும். ஒரு அடி உயரம் நிரம்பியதும் முன் வலையையும் பின் வலையையும் உள்ளுக்குள் கம்பி கட்டி இழுத்துப் பிடிக்கவேண்டும். கூலிக்காரர்கள் அதைச் செய்யாமல் விட்டுவிடப் பார்த்தார்கள்.

"உள்ள கட்டுறது யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் கல் வண்டிக்காரர் ஏழுமலை.

"கட்டலன்னா வயிறு தள்ளிக்கினு வரும். அப்ப எல்லாருக்கும் தெரியும்" என்றார் தணிகாசலம். அப்போது ஏழுமலைக்கு வயிறு தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

கூண்டுக்கும் மண்கரைக்கும் நடுவே சரளை கொட்டினார்கள், தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது என்று. சுவரின் காலடியில், ஆற்று மணலின் மேல், ஒரு அடி உயரத்தில் தட்டையான கூண்டுகளைப் பாய் மாதிரி விரித்தார்கள். வெள்ளம் அடியைத் தோண்டினால் பாய் மடங்கி பள்ளத்தில் விழுந்து மூடிக்கொள்ளும். அறுபது கஜம், மூன்று அடுக்கு. முடிந்த பிறகு தணிகாசலத்தையே சுவருக்குக் காவல் ஆளாகப் போட்டார்கள். அடுத்த தையில், வெள்ளத்தில் மாட்டுக்கொட்டகையை இழந்த வீட்டில் பெண் கொடுத்தார்கள். தாட்சாயணி கல்யாணத்தன்றே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு: "செவுத்தக் கட்டினவனக் கட்டிக்கினா வீடாவது நிக்கும்."

காவல் வேலை இரண்டு. ஒன்று, கம்பித் திருடரைத் தடுப்பது. பள்ளமேட்டில் யாரும் சுவரைத் திருடவில்லை. கம்பியைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். கன்றுக்குட்டி கட்ட, வாளிக்குக் கைப்பிடி போட, ஒருவர் பல் குத்த. ஏழுமலை ஐம்பத்து நான்கில் ஒரே இரவில் முப்பது அடி எடுத்து வீட்டுக் கொல்லையில் வேட்டி காயப்போடக் கட்டினார். தணிகாசலம் கேட்டதற்கு, "இது எங்க தாத்தா காலத்துக் கம்பி" என்றார். அவர் தாத்தா காலத்தில் ஊரில் கம்பியே கிடையாது.

இரண்டாவது வேலை, சுவரில் செடி கொடி முளைக்காமல் பிடுங்குவது. இதில்தான் தணிகாசலம் தோற்றார். அறுகம்புல் பூத்தால் அவருக்குத் தும்மல். கோரை பூத்தால் தும்மல். நொச்சிக்கும் தும்மல். முதல் மழையிலேயே வெள்ளம் கல்லிடுக்கில் வண்டலைக் கொண்டுவந்து அடைத்தது. வண்டலில் எல்லாம் முளைத்தது. தணிகாசலம் ஒரு கைப்பிடி பிடுங்குவார், நாற்பது தும்மல் தும்முவார், வீட்டுக்குப் போய் படுத்துக்கொள்வார். இரண்டாம் வருஷம் தாட்சாயணி மேல் அடுக்கில் பூசணிக்கொடி ஏற்றினாள். "சும்மாதான கீது" என்றாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ஜினியர் ஜீப்பில் கரையோரமாகப் போவார். அதற்கு முதல் நாள் நாகபூஷணம் சொல்லி அனுப்புவார். அன்று காலையில் பன்னிரண்டு வீட்டுச் சேலையும் நனைந்து, பிழிந்து, சுவரின் முகப்பில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு தொங்கும். பற்றாக்குறைக்கு நகரி அண்ணன் வீட்டிலிருந்து சாயம் போட்ட பாவு நூலையும் வரவழைத்துக் கட்டுவார்கள். அறுபது கஜத்துக்கு அரக்கு, மஞ்சள், கிளிப்பச்சை. என்ஜினியர் ஜீப்பிலிருந்தே பார்த்து, "ஜனங்கள் நல்லாப் பயன்படுத்தறாங்க" என்பார். நாகபூஷணம் பதிவேட்டில் 'செடி கொடி அகற்றப்பட்டது' என்று எழுதுவார். ஏழு வருஷத்தில் பதினான்கு தடவை எழுதினார். பதினான்கு தடவையும் தணிகாசலம் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பதினைந்தாவது தடவை.

"பதினெட்டாம் தேதி புது என்ஜினியர் வரார். சண்முகம்னு பேரு" என்றார் நாகபூஷணம். "இவரு ஜீப்ப வுட்டு எறங்குவாராம். நேரா பாத்து, செத்துதுன்னு கையெழுத்து போடுவார். ஏழுமலை நாலு வண்டியோட தயாரா கீறான்."

"செவுரு நல்லாத்தான கீதுன்னு நீங்க சொல்லலாமே சார்?"

"எப்பிடிச் சொல்ல? கீழ்க் கூண்டுல கம்பி துருப்புடிச்சி இத்துப்போச்சு. தொட்டா ஒடியுது. அத அவரு பார்ப்பார்."

அது உண்மை. ஆற்று மட்டத்தில் இருந்த அடுக்கில், மணல் தினமும் உரசி உரசி, வெள்ளை முலாம் போய், கம்பி பழுப்பாகிப் பல இடங்களில் அறுந்திருந்தது. அங்கே கம்பி இல்லாமலே கல் நின்றது. ஏன் விழவில்லை என்று தணிகாசலம் ஒருநாள் குனிந்து பார்த்திருக்கிறார். கோரையின் வேர் கல்லைச் சுற்றிப் பின்னி, நொச்சி வேர் அதன் குறுக்கே ஓடி, இடைவெளி முழுவதும் வண்டல் இறுகி இருந்தது. தறியில் நீளப் பாவும் குறுக்கு ஊடையும் மாதிரி. யாரோ அவரைவிட நேராக நெய்திருந்தார்கள்.

ஆக, சுவர் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி செடிகள். செடிகளைக் காட்டினால் ஏழு வருஷப் பதிவேடு பொய் என்று காட்டியதாகும். காவல் வேலை போகும். காட்டாவிட்டால் சுவர் போகும், அதன் பின்னே வீடும் போகும். ஒரு பொருளின் உயிர் அதைக் கட்டிய கயிற்றில் இருக்கிறதா, கட்டப்பட்டதில் இருக்கிறதா என்று படித்தவர்கள் நெடுநாள் வாதாடியிருக்கிறார்கள். தணிகாசலத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவர் அதைத் தாட்சாயணியிடம் கேட்டார்.

"வேலையா, வீடா?"

"வீடு இருந்தா வேற வேல தேடலாம். வேலைய வச்சிக்கினு எங்க படுப்ப, காகிதத்து மேலயா?"

பதினெட்டாம் தேதி காலையில் வழக்கம்போலச் சேலைகள் தொங்கின. அது தாட்சாயணியின் யோசனை இல்லை, நாகபூஷணத்தின் உத்தரவு. அவருடைய கையெழுத்தும் பதினான்கு இடத்தில் இருந்தது. ஏழுமலை நான்கு வண்டியையும் ஆறு ஆளையும் கடப்பாறையோடு கொண்டுவந்து நிறுத்தினார்.

"இன்னா தணிகாசலம், செவுத்துக்குச் சேல கட்டி வுட்டுட்டியே. பொணத்துக்கா, பொண்ணுக்கா?"

"உன் வண்டி காலியாப் போவும், பாரு."

"காலியா எதுக்குப் போவணும்? உன்ன ஏத்திக்கினு போறேன், நகரிக்கு."

சண்முகம் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். குறைவாகப் பேசினார், நிறையக் குனிந்தார். கீழ் அடுக்கின் ஓரத்தில், சேலை எட்டாத இடத்தில், ஒரு கம்பியைப் பிடித்து வளைத்தார். பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது.

"ஏழு வருஷம் சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். பேனாவைத் திறந்தார்.

தணிகாசலம் போய் முதல் சேலையைப் பிடித்து இழுத்தார். அதன் மறுமுனையை நாகபூஷணம் பிடித்துக்கொண்டார்.

"ஒத்து, ஒத்தய்யா! வேணாம்! நான் பிள்ளகுட்டிக்காரன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"நானும் வூட்டுக்காரன் சார்."

சேலை இருவருக்கும் நடுவே ஊஞ்சல் போல ஆடியது. அது தாட்சாயணியின் கல்யாணச் சேலை. அவள் வந்து, "கிழிச்சீங்கன்னா ரெண்டு பேரையும் கிழிச்சிருவேன்" என்றதும் இருவரும் ஒரே சமயத்தில் விட்டார்கள். பிறகு அவளே வரிசையாகச் சேலைகளை உருவி எடுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே அரக்கும் மஞ்சளும் கிளிப்பச்சையும் போய், நிஜப் பச்சை வந்தது. கோரை, அறுகு, நொச்சி, இரண்டு வேப்பங்கன்று, எங்கும் பூசணி. மேல் அடுக்கில் மூன்று காய் இருந்தன. ஒன்று அறுவடைக்குத் தயாராக இருந்தது.

பிறகு தணிகாசலம் தும்மினார். பதினோரு தடவை. ஏழுமலையின் ஆட்கள் எண்ணினார்கள்.

"இத பிடுங்கறதுக்குத்தானே உன்ன வச்சிருக்கு?" என்றார் சண்முகம்.

"ஆமாங்க."

"ஏன் பிடுங்கல?"

"தும்மல் வருதுங்க."

"ஏழு வருஷமா?"

"விட்டு விட்டு வருதுங்க."

சண்முகம் நாகபூஷணத்தைத் திரும்பிப் பார்த்தார். நாகபூஷணம் ஆந்திராவைப் பார்த்தார்.

"ஐயா, வேலைய எடுத்துக்கங்க" என்றார் தணிகாசலம். "ஆனா செவுரு சாவல. கம்பிதான் செத்துது. வேணும்னா ஒரு கூண்ட வெட்டிப் பாருங்க. நடு அடுக்குல, நான் கட்டினதுதான். வலைய முழுசா எடுங்க. கல்லு கொட்டிச்சின்னா நானே வண்டில ஏத்தறேன்."

"அப்பிடி வா" என்று ஏழுமலை கையை உரசிக்கொண்டார். "நடு அடுக்கு எதுக்கு, கீழயே ஆரம்பிக்கலாம்."

"மேல ஆறடி கல்லு நிக்குது. கீழ உருவினா உன் தலையிலதான் வரும்" என்றார் சண்முகம். நடு அடுக்கின் ஓரக் கூண்டைக் காட்டினார்.

குறடு வைத்து முகப்பு வலையை வெட்டினார்கள். உள்கட்டுக் கம்பியையும் வெட்டினார்கள். வலை ஒரு கதவு போலத் தொங்கியது. கல் கொட்டவில்லை. ஏழுமலையின் ஆட்கள் பின்வாங்கி நின்றார்கள், கொட்டும் என்று எதிர்பார்த்து. ஒரு பல்லி வெளியே வந்து எல்லோரையும் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"இழுங்கடா" என்றார் ஏழுமலை.

இழுத்தார்கள். கடப்பாறை போட்டு நெம்பினார்கள். அரை மணி நேரத்தில் மூன்று கல், ஒரு தவளை, பெரிய சடை போல வேர்க்கற்றை வந்தன. நான்காவது கல்லை ஏழுமலையே வேட்டியை மடித்துக் கட்டி இழுத்தார். கல் வரவில்லை. வேட்டி வந்தது.

"ஐயா, மலையில புதுசா ஒடச்சே கொண்டாந்துரலாம்" என்றார் ஏழுமலை, வேட்டியைக் கட்டிக்கொண்டே. "இதுக்கு அது லேசு."

சண்முகம் அந்தக் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை மண். மேல் அடுக்குக் கம்பியை உரசிப் பார்த்தார். அது இன்னும் சாம்பல் நிறத்தில் உறுதியாக இருந்தது.

"மேல நல்லா இருக்கு, கீழ இத்துப்போயிருக்கு. ஒரே கம்பிதானா?"

"ஒரே சுருள்தாங்க" என்றாள் தாட்சாயணி. "வேணும்னா அதே சுருள்ல முப்பதடி ஏழுமலை கொல்லையில கீது. போய்ப் பாருங்க, கண்ணாடி மாதிரி மின்னுது."

"எங்க தாத்தா கம்பிம்மா அது."

"உங்க தாத்தா கம்பில எதுக்குயா எங்க வூட்டுக்காரர் சுத்தின தடிக் கரை?"

சண்முகம் ஆள் அனுப்பி அந்தக் கம்பியை அவிழ்த்துக்கொண்டு வரச் சொன்னார். அதோடு ஏழுமலையின் இரண்டு வேட்டியும் வந்தன. ஒரு கையில் கொல்லைக் கம்பி, மறு கையில் ஆற்றடிக் கம்பி. ஒரே நாளில் பிறந்தவை. ஒன்று வெயிலும் காற்றும் பட்டு வேட்டி சுமந்தது. அதற்கு முலாம்கூடப் போகவில்லை. மற்றது மணலோடு மல்லுக்கட்டி அழிந்தது. சண்முகம் இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். அவர் எளிதில் பாராட்டுகிறவர் இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"ஏழு வருஷம்னு எழுதினவன் எந்தக் கம்பியப் பார்த்து எழுதினான்?" என்றார் கடைசியில்.

பேனாவை மூடிவிட்டுச் சுவரின் அடிக்குப் போனார். அங்கே முகத்தைச் சுளித்தார். மணல் மேல் விரித்திருந்த பாய்க் கூண்டுகளில் மூன்று பிய்ந்து, கல் ஆற்றில் உருண்டு கிடந்தது. அங்கே செடி எதுவும் பிடிக்கவில்லை. ஓடும் மணலில் வேர் நிற்காது.

"மேல வேர் பிடிச்சிக்கும். காலடியில கம்பிதான் பிடிக்கணும். இது போனா அடியில தோண்டி மொத்தமும் உட்காரும். ஒண்ணாம் தேதிக்குள்ள இந்த மூணையும் மாத்தணும். யார் பின்னுவாங்க?"

எல்லோரும் தணிகாசலத்தைப் பார்த்தார்கள்.

"அப்பிடியே அந்த வேப்பங்கன்னு ரெண்டையும் பிடுங்கிடு. புல்லு, கோரை, நொச்சி இருக்கட்டும். மரம் பெருத்தா கூண்ட நெம்பித் திறந்துடும்" என்றார் சண்முகம்.

"பூசணி?" என்றாள் தாட்சாயணி.

சண்முகம் யோசித்தார். "பூசணி பத்தி ரூல் இல்ல."

தணிகாசலத்துக்குத் தண்டனை வந்தது. கடமையைச் செய்யாததற்கு எச்சரிக்கை என்று ஒரு காகிதம். ஆனால் அது ஆபீசைச் சுற்றி வந்து சேர்வதற்குள் ஏப்ரல் முதல் தேதி ஆகிவிட்டது. எச்சரித்த மாநிலத்தில் அவர் இல்லை. அவருடைய வேலையும் சுவரோடு சேர்ந்து பட்டியலில் ஏறி எல்லையைத் தாண்டியிருந்தது. நாகபூஷணமும் ஆந்திராவிலேயே வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார். பழைய பதிவேடு அந்தப் பக்கம் தங்கிவிட்டது என்பதில் அவருக்கு இருந்த ஆனந்தத்தை அவர் மறைக்கவில்லை.

மூன்று புதுக் கூண்டையும் தணிகாசலம் ஒன்பது நாளில் பின்னினார். கஞ்சி போடக்கூடாது என்று சண்முகம் எழுத்திலேயே உத்தரவு போட்டிருந்தார். தணிகாசலம் மனக்கஷ்டத்தோடு கீழ்ப்படிந்தார். பழைய சுவரில் அவ்வளவு செடி முளைத்ததற்குக் காரணம் அந்தக் கேழ்வரகுக் கஞ்சிதான் என்று அவர் நம்பினார். ஊரும் நம்பியது. அந்த வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் தங்கள் கல்கட்டுக்குக் கஞ்சி ஊற்றிப் பார்த்தார்கள். ஆடுகள் வந்தன.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. இரண்டு நாள் மேல் அடுக்கைத் தொட்டு ஓடியது. தணிகாசலமும் தாட்சாயணியும் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால், புதுக் கூண்டு மூன்றும் முன்னால் தோண்டிய பள்ளத்துக்குள் மடங்கி, வாய் மூடியது போல் கிடந்தன. அதற்குத்தான் அவை அங்கே இருந்தன. சுவர் நடுவில் நான்கு விரல் தாழ்ந்திருந்தது. வெட்டிய கூண்டின் குழி மட்டும் வண்டலால் நிரம்பி, ஏழுமலையின் அந்த நான்காவது கல் அப்படியே இருந்தது. ஏழுமலை வந்து அதை ஒரு உதை உதைத்துவிட்டுப் போனார். பிறகு கொஞ்ச நாள் நொண்டினார்.

கார்த்திகையில் நாகபூஷணம் மறுபடி சைக்கிளில் வந்தார். கையில் பட்டியலின் ஒரு பக்கம். புது ஆபீஸ் அதைத் திருப்பி அனுப்பியிருந்தது.

"உன் செவுரு நாப்பத்தோராவது வரிசையில கீது. முன்னாடி ஒரு மதகு, பின்னாடி ஒரு உடைஞ்ச பெஞ்சு. எல்லாத்துக்கும் ஆயுள் போட்டிருக்கு. பெஞ்சுக்குக்கூட. உன் செவுத்துக்கு மட்டும் சண்முகம் சார் கோடு இழுத்து வுட்டுட்டார். எத்தன வருஷம்னு எழுதச் சொல்றாங்க."

தணிகாசலம் சுவரைப் பார்த்தார். அதன் மேல் அடுத்த பூசணி பூத்துக் காய்த்திருந்தது.

"நான் இருக்குற வரைக்கும்னு போடுங்க சார்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

"அப்பிடின்னா ரெண்டு வருஷம்னு எழுதுங்க" என்றாள் உள்ளேயிருந்து தாட்சாயணி.

நாகபூஷணம் அவர் தும்மி முடிக்கும்வரை காத்திருந்தார். அதற்குள் பேனாவில் மை காய்ந்துவிட்டது. அவர் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு பூசணிக்காயை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். கட்டியது முலாம் போகாத வெள்ளைக் கம்பி. அது எங்கிருந்து வந்தது என்று தணிகாசலம் கேட்கவில்லை.